“படத்தில் பார்க்கவும்” என்று எழுதியது என் பிழைதான்

களுவாஞ்சிகுடி
2025 மே 20

என் பொதியைக் கொண்டுவந்து தந்த கூரியர் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவினருக்கும், அதிலிருந்த ஓவர்லொக் மெஷினை இணையத்தில் விற்ற கடைக்காரருக்கும்,

வணக்கம். உங்கள் இருவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எனக்கு வேண்டியது, உடைந்து வந்த மெஷினுக்குக் கொடுத்த என் 66,350 ரூபாய். பெயரைப் போட்டால் பேச்சு பெயரைப் பற்றியதாகப் போய்விடும். முறைப்பாட்டு இலக்கம் உங்களிடம் இருக்கிறது, அது போதும்.

ஏப்ரல் 4ஆம் திகதி கூரியர் பிரிவினர் நீங்கள் அனுப்பிய பதிலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: சேதத்துக்கான படங்கள் இணைக்கப்படாததால் பணத்தை மீளத் தர இயலாது. அதைப் படித்துவிட்டு என் முறைப்பாட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஏழு படங்கள் இருந்த இடத்தில் ஏழு சாம்பல் கட்டங்கள். அதற்கு மேலே நான் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது: “1ஆம் படத்தில் உள்ளதுபோல மூலை நசுங்கியுள்ளது. 3ஆம் படத்தில் பார்க்கவும். மெஷினின் நிலை 5, 6ஆம் படங்களில்.” படங்கள் போன பிறகு அதை வாசித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. வெறும் சுவரைக் காட்டி “பாருங்கள், பாருங்கள்” என்று யாரோ சொல்வதுபோல் இருந்தது. கண்ணால் கண்டதை வார்த்தையில் எழுதாமல் விட்டது என் பிழை. அதை இப்போது திருத்துகிறேன்.

படங்கள் எப்படிப் போயின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 19ஆம் திகதி நண்பகலில் கொழும்பு இலக்கம் ஒன்றிலிருந்து எனக்கு இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. நான் என் தையல் மெஷினில் இருந்தேன், சத்தத்தில் கேட்கவில்லை. தெரியாத இலக்கம் என்பதால் திருப்பி எடுக்கவும் இல்லை. அன்றே என் முறைப்பாட்டை “வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை” என்று மூடிவிட்டீர்கள். 24ஆம் திகதி பார்த்துவிட்டு மறுநாள் உங்களுக்குப் போன் செய்தேன். பேசிய தங்கச்சி மரியாதையாகத்தான் பேசினார், முறைப்பாட்டையும் திறந்து தந்தார். ஆனால் முறைப்பாடு மூடப்பட்டால் இணைப்புகள் தானாகவே அழிந்துவிடுமாம், திரும்பத் திறந்தாலும் அவை வராதாம். இதுவும் அவர் சொன்னதுதான். சரி, புதிதாக எடுத்து அனுப்புகிறேன் என்றேன். பொதி கிடைத்து 48 மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்த படம் செல்லாது என்றார். உரிய நேரத்தில் எடுத்ததை நீங்கள் அழித்தீர்கள், இப்போது எடுத்தால் நேரம் போய்விட்டது என்கிறீர்கள்.

“உங்கள் போனில் பிரதி இருக்குமே?” என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை. உங்கள் முறைப்பாட்டுப் பக்கத்தில் கமராப் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அழுத்தித்தான் ஏழையும் எடுத்தேன். அப்படி எடுக்கும் படம் பெரும்பாலும் போனின் கேலரிக்கு வருவதில்லை, நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். எனக்கு இது பிறகு மருமகன் சொல்லித்தான் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்கள் முதலில் போனின் சொந்தக் கமராவில் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு பதிவேற்றுங்கள்.

இனி விஷயம்.

நான் வாங்கியது வீட்டுப் பாவனைக்கான நான்கு நூல் ஓவர்லொக் மெஷின். விலை 64,900, கொண்டுவரும் கூலி 1,450. மார்ச் 6ஆம் திகதி ஓடர் போட்டேன். சித்திரை வருடத் தையலுக்கு முன் வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வாங்கியது. 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை 11.40 மணிக்கு உங்கள் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததை வாசலிலேயே கண்டேன். “உடைச்சுப் பார்த்திட்டுக் காசு தரட்டா தம்பி?” என்று கேட்டேன். “அப்படிச் செய்ய ஏலாதக்கா, காசு தந்தாத்தான் உடைக்கலாம். உள்ளுக்கு ரிஜிபோம் இருக்கும், பயப்படாதீங்க” என்றார். காசைக் கொடுத்தேன். அவர் பெட்டியைக் கேற்றடியில் வைத்து, தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். இந்தப் படத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

பெட்டியை எப்படி வைத்துச் சொல்கிறேன் என்பது தெளிவாக இருக்கட்டும். முகவரி ஒட்டிய பக்கம் மேலே. மெஷினின் படம் அச்சடித்த பக்கம் என்னைப் பார்த்து இருக்கிறது. அம்புக்குறிகள் வானத்தைப் பார்க்கின்றன. இப்படி வைத்தால் நசுங்கிய மூலை வலது பக்கம், பின்னால், கீழே வரும். மற்ற ஏழு மூலைகளும் கூராக, புதிது போலவே இருக்கின்றன.

அந்த மூலையில் அட்டை உள்ளே போயிருக்கும் ஆழம் ஒன்றே முக்கால் அங்குலம். நான் தையற்காரி, அளவு நாடாவில்தான் அளந்தேன். முக்கியமானது ஆழத்தை விட அது நசுங்கிய விதம். பாரமான வேறு பெட்டிகளை மேலே அடுக்கி வைத்து நசுங்கினால் பக்கச் சுவர்கள் வயிறு தள்ளும், மேல் மூடி பள்ளம் விழும். அப்படி எதுவும் இல்லை. கீழ்ப் பக்கம், வலது பக்கம், பின் பக்கம் என்று மூன்று பக்கங்களும் ஒரே புள்ளியை நோக்கி உள்ளே போயிருக்கின்றன. அந்தப் புள்ளியிலிருந்து மடிப்புகள் விசிறிபோல் விரிகின்றன. பெட்டி அந்த மூலையில் விழுந்தால்தான் இப்படி வரும். பின் பக்கத்தில், மூலையிலிருந்து மேல்நோக்கி நாலரை அங்குல நீளத்துக்கு அட்டை கிழிந்தும் இருக்கிறது.

இனிச் சொல்வதுதான் என் 2ஆம், 3ஆம் படங்களில் இருந்தது. அந்தக் கிழிசலின் மேல் மூன்று துண்டு மண்ணிற டேப் ஒட்டப்பட்டிருக்கிறது. கடைக்காரர் பெட்டியை ஒட்டியது வேறு டேப்பால், அது நிறமில்லாதது, கண்ணாடிபோல் இருக்கும். மேல் மூடியிலும் அடியிலும் அது மட்டுமே இருக்கிறது. மண்ணிற டேப் இந்த ஒரு மூலையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதோடு, அந்த டேப் மடிப்புகளுக்கு மேலே இழுத்து ஒட்டப்படவில்லை, மடிப்புகளுக்குள் இறங்கி அவற்றோடு சேர்ந்து படிந்திருக்கிறது. நல்ல மூலையில் டேப் ஒட்டியிருந்து பிறகு நசுங்கியிருந்தால், டேப்பும் அட்டையோடு சேர்ந்து மடிந்து வெடித்திருக்கும், இல்லாவிட்டால் சுருங்கி எழும்பியிருக்கும். இந்த டேப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. சட்டையில் கிழிசல் வந்த பிறகு வைத்த ஒட்டுக்கும், கிழிசலுக்கு முன்பே அங்கே இருந்த துணிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இது கிழிசல் வந்த பிறகு வைத்த ஒட்டு.

சரி, யார் ஒட்டியது, எப்போது ஒட்டியது? நான் பெட்டியைப் பெற்ற பிறகு ஒட்டியிருக்கலாம் என்று யாராவது நினைக்கலாம். அதற்கும் பெட்டியிலேயே பதில் இருக்கிறது. உங்கள் மட்டக்களப்புக் கிளை, வந்து சேர்ந்த பொதிகளில் ஒட்டும் சிறிய வெள்ளை ஸ்டிக்கர் அதே பின் பக்கத்தில் இருக்கிறது. மார்ச் 11, 05.52 என்று அச்சாகியிருக்கிறது. அந்த ஸ்டிக்கரின் ஒரு ஓரம், அரை அங்குல அளவு, மண்ணிற டேப்பின் மேலே ஏறி ஒட்டியிருக்கிறது. டேப் கீழே, ஸ்டிக்கர் மேலே. ஆகவே முதலில் அட்டை நசுங்கியது, பிறகு யாரோ டேப் ஒட்டினார்கள், அதற்குப் பிறகுதான் உங்கள் கிளை ஸ்டிக்கர் வந்தது. காலை 5.52இற்கு முன்பே இந்தப் பெட்டி விழுந்திருக்கிறது. விழுந்ததை ஒருவர் கண்டிருக்கிறார், கண்டு ஒட்டியும் இருக்கிறார். ஒட்டியவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம், தன் புத்தகத்தில் ஒரு வரி குறித்து வைத்திருந்தாலே போதும்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் தங்கச்சி பேச்சோடு பேச்சாக, “கொண்டுவந்த ரைடரின் கணக்கில் கழிக்க வேண்டி வரலாம்” என்றார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் தம்பியின் கைக்கு வரும்போதே இது ஒட்டுப்போட்ட பெட்டி. அவர் அதை ஒரு கையை அடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்.

பெட்டிக்குள் இருந்ததற்கு வருகிறேன். இது 4ஆம் படத்திலிருந்து 7ஆம் படம் வரை. 4ஆவது கை நடுங்கி மங்கலாகத்தான் வந்தது, அதனால் பெரிய நட்டமில்லை.

மெஷினைக் கீழும் மேலுமாக இரண்டு ரிஜிபோம் தட்டுகள் பிடித்திருந்தன. மேல் தட்டு முழுசு. கீழ்த் தட்டு, நசுங்கிய மூலைக்கு நேரே, மூன்று துண்டாக உடைந்திருந்தது. உடைந்த இடத்து வெள்ளை மணிகள் பையின் அடியிலும் கைச்சில்லுக்குப் பின்னாலும் சிதறிக் கிடந்தன. மெஷினைச் சுற்றியிருந்த பொலித்தீன் பை கிழியவில்லை, அதன் வாயில் தொழிற்சாலை ஒட்டிய சிறு டேப் அப்படியே இருந்தது. அதனால் மெஷினை யாரும் வெளியே எடுத்துப் பாவித்துவிட்டுத் திரும்ப வைக்கவில்லை.

மெஷினுக்கு நான்கு றப்பர் கால்கள். வலது பின் கால் அதன் பிளாஸ்டிக் குழியோடு பிய்ந்து தனியாகக் கிடந்தது. அந்தக் குழியிலிருந்து ஒரு வெடிப்பு தொடங்கி, பின் மூடியில் சாய்வாக ஏறி, கைச்சில்லு உள்ளே நுழையும் வட்டத்தில் போய் முடிகிறது. நீளம் மூன்றே கால் அங்குலம். மெஷினைப் பழையபடி ரிஜிபோமில் இருத்திப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். அட்டையின் நசுங்கிய புள்ளி, ரிஜிபோமின் உடைவு, பிய்ந்த கால், கைச்சில்லின் தண்டு, நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வருகின்றன. அடி எந்த வழியால் உள்ளே போனது என்பதற்கு இதற்குமேல் தேவையில்லை. தொழிற்சாலையிலேயே இருந்த குறைபாடு என்றால் ரிஜிபோம் ஏன் உடைய வேண்டும்? நான் மெஷினை வெளியே எடுத்துவிட்டுக் கீழே போட்டேன் என்றால் அட்டை எப்படி நசுங்கும்?

மேல் மூடியின் நடுவில் சிறிய கீறல் ஒன்றும் இருக்கிறது. அது பெட்டியை வெட்டும்போது என் கத்தி பட்டு வந்ததாக இருக்கலாம். அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை.

வெடிப்பு வெளி மூடியில் மட்டும் என்றால் ஒரு சுப்பர் குளூவோடு போயிருப்பேன், இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கரண்ட் கொடுக்காமல் கையால் சில்லைச் சுற்றிப் பார்த்தேன். இப்படியான மெஷினை எடுத்தவுடன் பிளக்கில் குத்தக்கூடாது, உள்ளே ஏதாவது தட்டினால் ஊசியும், அதோடு நூலைக் கோக்கிற லூப்பரும் சேர்ந்து உடையும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில், “டக்” என்று பிடித்து விடுகிறது. சில்லின் விளிம்பும் ஆடுகிறது. அது கண்மயக்கமா என்று பார்க்க, தையல் சோக்கை விளிம்போடு தொட்டும் தொடாமலும் அசையாமல் பிடித்துக்கொண்டு சில்லை மெதுவாகச் சுற்றினேன். தண்டு நேராக இருந்தால் விளிம்பு முழுக்கச் சோக் கோடு விழ வேண்டும், இல்லாவிட்டால் எங்குமே விழக்கூடாது. விழுந்தது விளிம்பின் மூன்றில் ஒரு பங்கில் மட்டும். தண்டு வளைந்திருக்கிறது. ஓவர்லொக்கில் லூப்பர் ஊசிக்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் போய்வர வேண்டும். எல்லாவற்றையும் ஓட்டுகிற தண்டே வளைந்த பிறகு அந்த இடைவெளியை யார் பிடிப்பது? கல்முனையில் மெஷின் திருத்துகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தண்டை நிமிர்த்தித் தரலாம், ஆனால் ஒரு மாதத்தில் திரும்ப வரும் என்றார். அவர் எழுதித் தந்த துண்டு என்னிடம் இருக்கிறது.

நான் சொன்ன “டக்” சத்தமும் சோக்குக் கோடும் எந்தப் படத்திலும் இருந்திருக்காது. ஆகவே படங்கள் போனதால் என் முறைப்பாட்டில் குறைந்தது ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் போனது மட்டும்தான்.

அடுத்தது பணம். என் முறைப்பாட்டைப் பொதி வந்த அன்றைக்கே பிற்பகல் 2.15இற்குப் போட்டேன். அதன் முதல் வரி, “இந்தப் பணத்தைக் கடைக்காரருக்கு அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள்.” அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. வாசலில் வாங்கும் காசு அன்றைக்கே கடைக்காரர் கைக்குப் போவதில்லை, சில நாள் உங்களிடம் நின்றுதான் போகிறது என்று எங்களுக்கும் தெரியும். நிறுத்தியிருந்தால் இந்த இழுபறியே இல்லை. இப்போது நீங்கள் “பணம் கடைக்காரரிடம், அவரிடம் கேளுங்கள்” என்கிறீர்கள். கடைக்காரர் “நான் நல்ல பொருளைக் கொடுத்தேன், உடைத்தது கூரியர்” என்கிறார். கூரியரோ கடைசியாக, “பொதி போதிய அளவு பாதுகாப்பாகக் கட்டப்படவில்லை” என்கிறது. போதாது என்று தெரிந்தால் கொழும்பில் ஏற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கூலியை வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டு, விழுத்திய பிறகு சொல்வது நியாயமில்லை. கடைக்காரர் ஐயாவுக்கும் ஒன்று: கூரியரைத் தெரிவு செய்தது நீங்கள், ஒப்பந்தம் உங்களுக்கும் அவர்களுக்கும். அந்த நட்டத்தை நீங்கள் இருவரும் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் நான் கொழும்புக்கும் கொழும்புக்கும் போன் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

சட்டம் பேசுவது எனக்குப் பிடிக்காத வேலை, ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கேட்டு வைத்திருக்கிறேன். 1895இலிருந்து இருக்கும் நம் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில், மூலப் பத்திரம் அழிந்துபோனால் அதைக் கண்ணால் கண்ட ஒருவர் அதில் என்ன இருந்தது என்று வாயால் சொல்வதையும் இரண்டாம் நிலைச் சாட்சியமாக எடுக்க இடம் இருக்கிறது. நீதிமன்றத்துக்கே அந்த அளவு இடம் இருக்கும்போது, ஒரு முறைப்பாட்டு மேசைக்கு இல்லையா? மற்றது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வதென்றால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காசு கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் ஜூன் 11 வரை போகும். வீண் வாதம் வேண்டாம் என்று ஓடர் போட்ட நாளிலிருந்தே எண்ணுகிறேன். ஜூன் 6. அதற்கு முன்பே இந்த மடலையே இரண்டு பிரதி எடுத்து அங்கே கொடுப்பேன். நாட்களை இழுத்தால் அந்தக் கெடு கடந்துவிடும் என்று யாரும் கணக்குப் போட்டிருந்தால், அது நடக்காது.

சித்திரை வருடம் வந்து போய்விட்டது. படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி வந்து துணி தந்த பெண்களுக்கு நாள் தவறக்கூடாது என்று, ஓவர்லொக் அடிக்க வேண்டியதை எல்லாம் மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் கல்முனைக்குக் கொண்டுபோய் உருப்படிக் கணக்கில் காசு கொடுத்து அடித்து வந்தேன். அந்த நட்டத்தை உங்களிடம் கேட்கவில்லை. கொடுத்த 66,350 ரூபாயை மட்டும் கேட்கிறேன். பணம் வந்தவுடன் மெஷினை, பிய்ந்த கால் உட்பட, எடுத்துப் போகலாம்.

அதற்கு முன் உங்களுக்கு இன்னும் படம்தான் வேண்டும் என்றால், அதுவும் உங்களிடமே இருக்கிறது. அந்தத் தம்பி கேற்றடியில் எடுத்த படம். பொதி கொடுத்ததற்குச் சான்றாக அவர் உங்களுக்கு அனுப்பியது. மார்ச் 11, 11.40 அளவில். அவர் வீதிப் பக்கம் நின்று எடுத்தார், பெட்டியின் பின் பக்கமும் வலது பக்கமும் அவரைப் பார்த்துத்தான் இருந்தன. மண்ணிற டேப் அதில் விழாமல் இருக்க வழியில்லை. என் முறைப்பாடு மூடப்பட்டதும் என் படங்கள் அழிந்தன, சரி. அது உங்கள் படம், அது அழிய வேண்டிய காரணம் இல்லை. அதைத் திறந்து பாருங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பெட்டியை விறாந்தையில் இருந்து எடுத்து உள்ளே அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன், டேப்பிலும் ஸ்டிக்கரிலும் கை வைக்கவில்லை. வெளியில் ஒரு நூல் ஸ்டாண்ட்கூட எடுத்துப் பாவிக்கவில்லை. ஞாயிறு தவிர எந்த நாளும் காலை ஒன்பதிலிருந்து வீட்டில் இருப்பேன், யாரையாவது அனுப்பிப் பார்க்கலாம். அனுப்பும்போது அந்தத் தம்பியையும் கூட்டி வரச் சொல்லுங்கள். ஒட்டுப்போட்ட மூலை எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கு நினைவிருக்கும், அதன் அடியில் கை கொடுத்தவர் அவர்தானே.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தையற்காரி